180 பேருக்கு ரசம்: நான் கூட்டினால் 36.45 லிட்டர், அத்தை கூட்டினால் 34.2 லிட்டர். எது சரி?

மீனா_காரைக்குடி

வர்ற ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வளைகாப்பு. 180 பேர். சமைக்க ஆள் வர்றாங்க, ஆனா அளவெல்லாம் நாங்கதான் எழுதிக் கொடுக்கணும். வழக்கமா 8 பேருக்கு வைக்கிற ரசத்தோட அளவு இது:

புளிக்கரைசல் 350 மி.லி
தக்காளிச் சாறு 180 மி.லி
பருப்புத் தண்ணீர் 450 மி.லி
வெறும் தண்ணீர் 620 மி.லி

180-ஐ 8-ஆல் வகுத்தால் 22.5. அதால ஒவ்வொன்றையும் பெருக்கினேன்:

புளிக்கரைசல் 7 லி 875 மி.லி
தக்காளிச் சாறு 4 லி 50 மி.லி
பருப்புத் தண்ணீர் 10 லி 125 மி.லி
தண்ணீர் 13 லி 950 மி.லி

இதைக் கால்குலேட்டரில் போட்டுக் கூட்டினா எனக்கு 36.45 வருது. அத்தை தாளில் கூட்டி 34.2 லிட்டர்னு சொல்றாங்க. இரண்டே கால் லிட்டர் வித்தியாசம், அதாவது பதினோரு பேருக்கு ரசம். யார் கணக்கு சரி?

அடுப்படி_கணக்கு

இரண்டுமே சரியில்லைங்க. சரியான விடை 36 லிட்டர், மில்லி ஒன்றும் மிச்சமில்லை. பெருக்கல் நாலும் சரியாத்தான் இருக்கு. கூட்டும்போதுதான் ஆளுக்கொரு இடத்தில் சறுக்கியிருக்கீங்க.

முதல்ல அத்தை கணக்கு. லிட்டரைத் தனியா, மில்லியைத் தனியா கூட்டியிருப்பாங்க. 7, 4, 10, 13 சேர்ந்தா 34. மில்லிப் பக்கம் 875, 50, 125, 950 சேர்ந்தா 2000. ஆக 34 லி 2000 மி.லி. இதுவரைக்கும் தப்பே இல்லை. அந்த 2000-ஐ 2 லிட்டரா மாற்றி 34-இல் சேர்க்காம, நடுவில் ஒரு புள்ளி வைத்து 34.2000-ன்னு எழுதியிருப்பாங்க. கடைசிச் சுழிகளை விட்டதும் அது 34.2 ஆயிடுச்சு. 1000 மில்லி சேர்ந்தாலே ஒரு லிட்டர் பக்கத்து வரிசைக்குப் போகணும். இங்கே இரண்டு போகணும்: 34 + 2 = 36.

உங்க கணக்கில் மூணு எண் சரி. தக்காளிச் சாறை மட்டும் 4.50-ன்னு தட்டியிருக்கீங்க. 4 லி 50 மி.லி-யைப் புள்ளி போட்டு எழுதினா 4.050. நீங்க தட்டினது நாலரை லிட்டர். கூடுதலா வந்த 450 மில்லி அதுதான்: 36.450-இல் அதைக் கழிச்சா 36.

இதைக் கூட்டாமலே கண்டுபிடிக்கலாம். மூல அளவைக் கூட்டுங்க: 350, 180, 450, 620 சேர்ந்தா 1600 மில்லி. அதை 22.5-ஆல் பெருக்கினா 36,000. தனித்தனியா பெருக்கிக் கூட்டினாலும், கூட்டிப் பெருக்கினாலும் ஒரே விடைதான் வரணும். வரலைன்னா எங்கோ சறுக்கல். அளவுத் தாளை யார் கையில் கொடுக்கும் முன்னாடியும் இதைச் செய்துடுங்க.

ரவி_கோவை

இதுக்கெல்லாம் ஒரே வழி, லிட்டரே எழுதக்கூடாது, புள்ளியே வைக்கக்கூடாது. எல்லாத்தையும் மில்லியில் எழுதுங்க: 7875, 4050, 10125, 13950. கூட்டினா 36000. தப்பு வரவே வராது. கணினியில் போடறதா இருந்தா C2 முதல் C5 வரைக்கும் மில்லியைப் போட்டுட்டு இப்படிப் போடுங்க, லிட்டராவே வந்துடும்:

```
=SUM(C2:C5)/1000
```

அடுப்படி_கணக்கு

ரவி சொன்னதில் முக்கால்வாசி சரி. கூட்டும் வரைக்கும் மில்லியிலேயே இருக்கிறதுதான் பத்திரம். ஆனா "தப்பு வரவே வராது"ன்னு சொல்ல முடியாது. தப்பு விடையைத் திரும்பப் படிக்கும்போது வரும்.

4050-ஐ 1000-ஆல் வகுத்தா திரையில் 4.05-ன்னுதான் வரும், கடைசிச் சுழியைக் காட்டாது. அதைப் பார்த்து ஒருத்தர் "நாலு லிட்டர் அஞ்சு மில்லி"ன்னு எழுதுவார், இன்னொருத்தர் "நாலரை"ம்பார். 36.45-ன்னு வந்தாலும் அப்படித்தான், அது 36 லி 450 மி.லி, 45 இல்லை. புள்ளிக்கு அப்புறம் எப்பவும் மூணு இடம் இருக்கிறதா வச்சுக்கிட்டு, குறைஞ்ச இடத்தில் சுழியை நிரப்பிட்டுப் படிங்க: 4.05 என்பது 4.050, 36.4 என்பது 36.400. கணினியில் அந்தக் கட்டத்துக்கு மூணு தசம இடம் காட்டும்படி அமைச்சுட்டா அதுவே நிரப்பிக்கும்.

அப்புறம், சமைக்கிறவர் கையில் கொடுக்கிற தாளில் 13950-ன்னு எழுதாதீங்க. அடுப்புப் புகையில் அதை 1395-ன்னு படிச்சுட்டா ஒண்ணே கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே ஊத்திட்டு நிறுத்திடுவாங்க. கணக்குப் போட மில்லி, எழுதிக் கொடுக்க "13 லி 950 மி.லி". 50 மில்லி மாதிரி சின்ன எண் வந்தா 050-ன்னே எழுதுங்க. 4 லி 050 மி.லி-யை யாரும் நாலரைன்னு படிக்க மாட்டாங்க.

தாமரை_அம்மா

எங்க பக்கம் லிட்டர் கணக்கே கிடையாது, எல்லாம் படிதான். எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆழாக்குல அளந்து போட்டா ஆயிரம், ஐநூறுன்னு குழப்பமே வராதே? 22 ஆழாக்கு புளித்தண்ணி ஊத்துனா முடிஞ்சுது.

அடுப்படி_கணக்கு

அம்மா, அது அரிசி பருப்புக்கு வசதியான கணக்கு. மீனா வீட்டு அளவு 350 மில்லி, அது ஒரு ஆழாக்கு இல்லையே. ஆழாக்கும் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும், பழைய ஆழாக்கும் இப்ப கடையில் வாங்கறதும் ஒண்ணா இருக்காது. வீட்டில் 10 மில்லி கூடக்குறைய இருந்தா தெரியாது. 22 தரம் ஊத்தினா 220 மில்லி ஆயிடும். எட்டுப் பேருக்கான அளவையும் 180 பேருக்கான அளவையும் அதே ஒரு பாத்திரத்தால் அளந்தா மட்டும் நீங்க சொல்றது சரியா வரும்.

சமையல் குறிப்பில் "கப்"ன்னு இருந்தாலும் இதே சங்கடம்தான். 200, 240, 250 மில்லின்னு மூணு விதமாவும் கப் கிடைக்குது. பெருக்குறதுக்கு முன்னாடி கப்பில் தண்ணி ஊத்தி மில்லி எவ்வளவுன்னு பார்த்துடணும்.

பாத்திரக்கடை_செந்தில்

கணக்கு சரி, ஊத்துறது எப்படின்னு யாரும் பேசலையே. 13 லி 950-ஐ ஒரு லிட்டர் மக்கில் அளந்தா பதிமூணு தரம் மொண்டு ஊத்தணும். ஒன்பதா பத்தான்னு நடுவில் மறந்தா ஒரு முழு லிட்டர் போச்சு. தாளில் 50 மில்லி பார்த்துப் பார்த்துக் கூட்டின கணக்கு அங்கே கவிழ்ந்துடும்.

ஒரு நீளமான சவுக்குக் குச்சி, இல்லைன்னா கைப்பிடி நீளமான மரக்கரண்டியை எடுத்துக்கோங்க. காலி அண்டாவைச் சமதரையில் வச்சு 5 லிட்டர் அளந்து ஊத்தி, குச்சியை நேரா அடியில் முட்ட நிறுத்தி, தண்ணி நிக்கிற இடத்தில் கத்தியால் கீறிடுங்க. இன்னும் 5, இன்னொரு கீறல். இப்படி 35 வரைக்கும், கடைசியா ஒரு லிட்டர் ஊத்தி 36-க்கு ஒரு ஆழமான கீறல். அப்புறம் சமைக்கும்போது எத்தனை மக்குன்னு எண்ணவே வேண்டாம், குச்சி சொல்லிடும்.

கீறல்களுக்கு இடையில் அடிக்கோல் வச்சுச் சமமா பிரிக்காதீங்க. அடி குறுகி வாய் விரிஞ்ச அண்டாவில் மேலே போகப் போக ஒவ்வொரு 5 லிட்டரும் உயரத்தில் குறைஞ்சுக்கிட்டே வரும். ஊத்தித்தான் கீறணும். ஒரு அண்டாவுக்குக் கீறின குச்சி இன்னொரு அண்டாவுக்கு ஆகாது.

பாத்திரம் எவ்வளவு பெரிசு வேணும்னு கேளுங்க. 36 லிட்டர் ரசத்துக்கு 36 லிட்டர் அண்டா எடுத்தா நுரைச்சு வரும்போது பாதி அடுப்பில் ஊத்தும். முக்கால் பங்குக்கு மேலே நிரப்பக்கூடாது. 48 லிட்டர் வரணும், அதனால 50 லிட்டர் அண்டா. அப்புறம் 36 லிட்டர்னா எடையும் கிட்டத்தட்ட 36 கிலோ, அண்டா எடை தனி. கொதிக்கக் கொதிக்க அதை இறக்க இரண்டு ஆள் வேணும்.

மீனா_காரைக்குடி

50 லிட்டர் அண்டா கிடைக்கலை. 25 லிட்டர் கொள்ளும் அண்டா இரண்டு இருக்கு. அப்போ எல்லா அளவையும் பாதியாக்கணும். 7 லி 875-இல் பாதி எப்படி எழுதறது? 3.5 லிட்டரும் 437-ம்னு பிரிச்சேன், ஆனா அதைச் சேர்க்கத் தெரியலை.

அடுப்படி_கணக்கு

பிரிச்சது சரி. மூன்றரையில் இருக்கிற அரையை மில்லியாக்குங்க, 500. அதோட 437.5-ஐச் சேர்த்தா 937.5. ஆக 3 லி 937.5 மி.லி. ஒற்றைப்படை லிட்டரைப் பாதியாக்கும்போது மிஞ்சுகிற அரை லிட்டரைத்தான் எல்லாரும் விட்டுடுவாங்க, நீங்க விடலை. அரை மில்லியை எந்த மக்கும் அளக்காது, 3 லி 940-ன்னு வச்சுக்கோங்க.

மற்றவை: தக்காளிச் சாறு 2 லி 025, பருப்புத் தண்ணீர் 5 லி 062.5 (5 லி 060 போதும்), தண்ணீர் 6 லி 975. கூட்டினா ஒரு அண்டாவுக்குச் சரியா 18 லிட்டர். 25 லிட்டர் அண்டாவில் 18-ன்னா முக்காலுக்குக் கொஞ்சம் கீழே, நுரைக்க இடம் இருக்கு.

அதைவிடச் சுலபம், புளிக்கரைசல் முழுசையும் ஒரே பாத்திரத்தில் கரைச்சுக் கலக்கிட்டு இரண்டு அண்டாவுக்கும் சமமா ஊத்தறது. இரண்டு தடவை தனித்தனியாக் கரைச்சா ஒரு அண்டா புளிக்கும், ஒண்ணு சப்புன்னு இருக்கும்.

முழுமையாக்கறதைப் பற்றி ஒண்ணு. எட்டுப் பேர் அளவிலேயே தக்காளிச் சாறு 180 மில்லியை "சுமாரா 200"ன்னு மாத்திட்டுப் பெருக்காதீங்க. அந்த 20 மில்லி 22.5 மடங்காகி 450 மில்லியா நிக்கும். பெருக்கி முடிச்சு, கூட்டி, சரிபார்த்த பிறகு கடைசியில் முழுமையாக்குங்க. அப்போ போறது அஞ்சு பத்து மில்லிதான்.

வெங்கட்_பாலக்காடு

எனக்கு இந்தக் கூட்டல் நடக்கவே மாட்டேங்குதே. பால் பாயசத்துக்கு 12 லிட்டர் பால், அரிசி வேக 1 லிட்டர் தண்ணி, ஒரு லிட்டர் மக்கில் 3 மக்கு சர்க்கரை. 16 லிட்டர் வரணும்னு நினைச்சு 150 மில்லி கப் நூறு வாங்கி வச்சா, இறக்கும்போது 11 லிட்டர்தான் இருந்தது. எங்கே தப்பு?

அடுப்படி_கணக்கு

தப்பு கூட்டலில் இல்லை, எதைக் கூட்டினீங்கங்கிறதில் இருக்கு. உங்க 5 லிட்டர் இரண்டு வழியில் போயிருக்கு.

ஒண்ணு சர்க்கரை. மக்கில் இருக்கிற சர்க்கரைக்கு நடுவில் நிறைய காற்று இருக்கு. ஒரு லிட்டர் மக்கு நிறையச் சர்க்கரை சுமார் 850 கிராம். ஒரு கிலோ சர்க்கரை பாலில் கரைஞ்சா மட்டம் உயர்வது சுமார் 620 மில்லிதான். அப்போ உங்க மூணு மக்கு, சுமார் 2.55 கிலோ, 3 லிட்டர் சேர்க்காது, ஒரு லிட்டர் 600 மில்லி பக்கத்தில்தான் சேர்க்கும். அங்கேயே 1 லி 400 போச்சு.

மீதி ஆவி. பால் பாயசத்தைச் சுண்டவச்சுத்தானே இறக்கறோம். அதனால தண்ணி, பால், சாறு மாதிரி திரவங்களை மட்டும் மில்லியில் கூட்டலாம். சர்க்கரை, வெல்லம், அரிசி, பருப்பைக் கிராமில் எழுதுங்க, மொத்த லிட்டரோட கூட்டாதீங்க. ரசத்தில் மீனாவுக்குக் கணக்கு சுத்தமா வர்றதுக்குக் காரணம் நாலும் திரவம், சுண்டவும் வைக்கிறதில்லை.

ரவி_கோவை

ஆவியையும் பெருக்கிட்டாப் போச்சே. வீட்டில் 1 லிட்டர் பால் 750 மில்லியா சுண்டுதுன்னா, 12 லிட்டர் 9 லிட்டராகும்.

பாத்திரக்கடை_செந்தில்

ஆகாது ரவி. ஆவி போறது பாலோட மேல்பரப்பிலிருந்து. வீட்டுச் சட்டியில் ஒரு லிட்டர் பால் மெல்லிசாப் பரவி நிக்குது, உருளியில் 12 லிட்டர் ஆழமா நிக்குது. பால் 12 மடங்குன்னா வாய் 12 மடங்கு இருக்காது. அதே நேரம் வச்சா அதே பங்கு சுண்டாது, அதிக நேரம் ஆகும். நேரத்தைப் பெருக்கினாலும் சரியா வராது, அடுப்போட சூடு வேற. உருளிக்கும் குச்சியில் 12-ம் 9-ம் கீறிட்டு, 9-க்கு வரும் வரைக்கும் கிண்டறதுதான் வழி.

செல்வி_மதுரை

ரசத்துக்கே வர்றேன். மீனா, "350 மில்லி புளிக்கரைசல்"ன்னு எழுதியிருக்கீங்க. அதில் எவ்வளவு புளி? மில்லியை எவ்வளவு துல்லியமாக் கூட்டினாலும் புளிப்பு மில்லியில் இல்லை. எட்டுப் பேருக்கு எலுமிச்சை அளவு புளின்னா 25 கிராம் இருக்கும். 22.5-ஆல் பெருக்கினா 562 கிராம். 7 லி 875 தண்ணியை ஊத்திக் கரைச்சு வடிகட்டினா 7 லி 875 கிடைக்காது, சக்கை கொஞ்சம் தண்ணியைப் பிடிச்சுக்கும். வடிகட்டின பிறகு அளந்து, குறையைச் சக்கையில் ஊத்தி இன்னொரு தரம் பிழிஞ்சு நிரப்புங்க.

உப்பு மட்டும் பெருக்கவே கூடாது. பாதி போட்டாலே போதும்.

அடுப்படி_கணக்கு

புளி விஷயம் முழுக்கச் சரி. உப்பில் நான் ஒத்துக்க மாட்டேன். உப்பு ஆவியாகாது, ருசி ஒரு மில்லிக்கு எவ்வளவு உப்புங்கிறதில்தான் இருக்கு. 1600 மில்லிக்கு 12 கிராம் போட்டா 36 லிட்டருக்கு 270 கிராம் வேணும். பாதி போட்டா சப்புன்னு இருக்கும். முதல்ல முக்கால் பங்கு, 200 கிராம் போட்டு, கடைசி மட்டம் குச்சியில் தெரிஞ்ச பிறகு மீதியை ருசி பார்த்துச் சேர்க்கறது சரி. "பாதி போதும்"னு தோணறதுக்குக் காரணம், பல இடங்களில் ரசம் கணக்கிட்டதைவிடக் குறைஞ்ச மட்டத்தில் நிக்கிறது. தண்ணி கம்மி, உப்பு முழுசு, அதனால கரிக்குது.

செல்வி_மதுரை

கல்யாண வீட்டு ரசத்தில் பருப்பு வேகவைக்கும்போதே உப்பு போடற பழக்கமும் இருக்கு, தூளிலும் இருக்கு. அதெல்லாம் சேர்த்துத்தான் பாதிங்கறேன். மிளகு, பெருங்காயமும் பெரிய அண்டாவில் முழு மடங்கு போட்டா காரமும் வாசமும் தூக்கிடும். இதில் நான் மாற மாட்டேன்.

அடுப்படி_கணக்கு

மிளகுக்கும் பெருங்காயத்துக்கும் நானும் முழு மடங்கு போடச் சொல்ல மாட்டேன். எவ்வளவு குறைக்கணும்னு கணக்குப் போட்டுச் சொல்ல வழியில்லை, தூளோட வீரியத்தைப் பொறுத்தது. உப்புக்கு நான் சொன்னதேதான்.

மீனா, வெறும் தண்ணி 13 லி 950-இல் 2 லிட்டரைத் தனியா எடுத்து வச்சுடுங்க, அண்டாவுக்கு ஒரு லிட்டரா. புளியும் தக்காளியும் பச்சை வாசனை போகக் கொதிக்கும்போது கொஞ்சம் வற்றும். பருப்புத் தண்ணி ஊத்தின பிறகு குச்சியை விட்டுப் பாருங்க. 18 லிட்டர் கீறல் வரைக்கும் அந்தத் தண்ணியை ஊத்தி, நுரைச்சு வந்ததும் இறக்கிடுங்க. வற்றினதைவிட எடுத்து வச்சது கொஞ்சம் மிஞ்சிடுச்சுன்னா அதை ஊத்த வேண்டாம்.

தாளிக்கிற நெய்யை இந்த 36-இல் சேர்க்க வேண்டாம், தனியா எழுதுங்க. எண்ணெய் வாங்கும்போது பார்த்து வாங்குங்க: ஒரு லிட்டர் பாக்கெட்டில் 910 கிராம்தான் இருக்கும், 15 கிலோ டின்னில் பதினாறரை லிட்டர் கிட்ட இருக்கும். டின்னை 15 லிட்டர்னு எழுதினா கணக்கு இடிக்கும்.

தாமரை_அம்மா

ஒரு ஆளுக்கு 200 மில்லி ரசமா? சாம்பார், கூட்டு, பாயசம், மோர் எல்லாம் இருக்கும்ல. இலையில் ரசம் ஒரு கரண்டி, ரெண்டு கரண்டி. 150 போதும். நிறைய மிஞ்சும்.

பாத்திரக்கடை_செந்தில்

150-ன்னா 180 பேருக்கு 27 லிட்டர். அப்போ மூல அளவு எல்லாத்தையும் 22.5-க்குப் பதிலா கொஞ்சம் கம்மியாப் பெருக்கணும்: 27,000-ஐ 1600-ஆல் வகுத்தா 16.875. ஆனா ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிக்கிற கூட்டம் இருக்கிற ஊரில் 200-ம் பத்தாது. காரைக்குடிப் பக்கம் எப்படின்னு மீனாதான் சொல்லணும்.

மீனா_காரைக்குடி

எங்க வீட்டில் பெரியவங்க டம்ளரில் கேட்பாங்க, அதனால 36 லிட்டரே இருக்கட்டும். தாளை இப்படி மாத்தி எழுதியிருக்கேன், ஒரு அண்டாவுக்கு:

புளிக்கரைசல் 3 லி 940 மி.லி (வடிகட்டின பிறகு)
தக்காளிச் சாறு 2 லி 025 மி.லி
பருப்புத் தண்ணீர் 5 லி 060 மி.லி
தண்ணீர் 5 லி 975 மி.லி, கடைசியில் ஊத்த 1 லி 000 மி.லி தனியா

லிட்டர் 3, 2, 5, 5, 1 சேர்ந்து 16. மில்லி 940, 25, 60, 975 சேர்ந்து 2000. இரண்டு லிட்டர் இந்தப் பக்கம் வந்து 18. அத்தை கையாலேயே கூட்டிப் பார்த்துட்டாங்க.

உப்பு அண்டாவுக்கு 100 கிராம் முதல்ல, மீதி ருசி பார்த்து. பருப்பு வேகும்போது உப்பு போட வேண்டாம்னு சமைக்கிறவங்ககிட்ட சொல்லிடறேன்.

இன்னும் ஒண்ணு மட்டும். பருப்புத் தண்ணி 10 லிட்டருக்கு எவ்வளவு துவரம்பருப்பு போடணும்? வீட்டில் சாம்பாருக்கு வேகவைச்ச பருப்பிலிருந்து மேலாக எடுத்த தண்ணியைத்தான் ஊத்தறேன், தனியா அளந்ததே இல்லை.

செல்வி_மதுரை

அன்னைக்கும் சாம்பார் இருக்குல்ல? அதே பருப்பில் தண்ணி கூட வச்சு வேகவிட்டு எடுத்துக்கோங்க. கிராம் கணக்கு வேணும்னா நாளைக்கு வீட்டில் 450 மில்லி எடுக்கும்போது கொஞ்சம் அளந்து பார்த்துச் சொல்லுங்க, இங்கேயே பெருக்கிக்கலாம்.